ஓ வகை ரத்தமும் சேராத ஒருவர்: செல்லின் மேலுள்ள சர்க்கரையும், தன்னையும் பிறரையும் பிரிக்கும் எதிர்ப்பு மண்டலமும்

தண்டையார்பேட்டையில் வசிக்கும் நாற்பது வயதுப் பெண் ஒருவருக்குக் கருப்பையில் தசைக்கட்டி இருப்பதாகவும், மாதந்தோறும் உதிரப்போக்கு மிகுந்து ஹீமோகுளோபின் 7 கிராமுக்கு இறங்கிவிட்டதாகவும் வைத்துக்கொள்வோம். அறுவைக்கு முன்பு இரண்டு பை ரத்தம் ஏற்ற வேண்டும் என்று மருத்துவர் எழுதித் தருகிறார். வியாசர்பாடியில் ஒரு தலைவரின் பிறந்தநாளை ஒட்டி நடந்த முகாமில் ரத்த வகை பார்த்துக் கொடுத்த அட்டை அந்தப் பெண்ணின் கைப்பையில் இருக்கிறது. அதில் ‘ஓ பாசிட்டிவ்’ என்று எழுதியிருக்கிறது. ஓ வகை நம் ஊரில் தட்டுப்பாடானதல்ல என்பதால் யாரும் கவலைப்படவில்லை. ஆனால் ரத்த வங்கியில் கிராஸ் மேட்ச் பார்க்கும்போது முதல் பை சேரவில்லை. அடுத்த பையும் சேரவில்லை. குளிர்பெட்டியில் இருக்கும் ஓ பைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்த்தாலும் அவருடைய ரத்தத்தில் செல்களை நீக்கிய நீர்ப்பகுதியான சீரத்துடன் கலந்த நொடியிலேயே சிவப்பணுக்கள் கட்டிக்கட்டியாகத் திரண்டுவிடுகின்றன. இது விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட நேர்வுதான்; ஆனால் இதில் வரும் படிகள் யாவும் ரத்த வங்கிகளில் உள்ளபடியே நடப்பவை.

யாருக்கும் கொடுக்கலாம் என்று நாம் பள்ளியிலிருந்தே கேட்டுவந்த ஓ ரத்தத்தை ஓர் உடல் அந்நியம் என்று எப்படிக் கண்டுகொள்கிறது? இந்தக் கேள்விக்கான விடை சிவப்பணுவின் மேற்பரப்பில் இருக்கும் ஒரே ஒரு சர்க்கரை மூலக்கூறில் இருக்கிறது. அந்தச் சர்க்கரையைப் புரிந்துகொண்டால், எதிர்ப்பு மண்டலம் தன் செல்லையும் பிற செல்லையும் எதைக்கொண்டு பிரிக்கிறது என்பதன் பெரும்பகுதி தெளிவாகிவிடும்.

சிவப்பணுவின் உறை கொழுப்பாலான மெல்லிய இரட்டைப் படலம். அதில் புரதங்கள் ஊடுருவி நிற்கின்றன. அந்தப் புரதங்களில் பலவற்றின் வெளிப்பக்கத்திலும், படலக் கொழுப்புகளில் சிலவற்றின் தலைப்பகுதியிலும் சர்க்கரைச் சங்கிலிகள் கிளைகிளையாக நீண்டிருக்கின்றன. சர்க்கரை ஏறிய புரதம் கிளைக்கோபுரதம். சர்க்கரை ஏறிய கொழுப்பு கிளைக்கோலிப்பிடு. அந்நியத்தைப் பற்றிக்கொள்ள எதிர்ப்பு மண்டலம் உண்டாக்கும் எதிர்ப்பொருள் என்ற புரதமோ, கிருமியோ, வேறொரு செல்லோ முதலில் தொடுவது இந்தச் சர்க்கரைக் காட்டைத்தான். படலமும் புரதமும் அதற்குப் பின்னால்தான் இருக்கின்றன. ரத்த வகையைத் தீர்மானிக்கும் சர்க்கரை இரண்டின் மேலும் உண்டு. சிவப்பணுவில் அதைப் பெருமளவு தாங்கி நிற்பது ‘பேண்ட் 3’ என்ற கிளைக்கோபுரதம். நுரையீரலுக்குக் கரியமில வாயுவைக் கொண்டுசேர்க்கும் வேலையில் பங்கேற்கும் இந்தப் புரதம் ஒரு சிவப்பணுவில் ஏறத்தாழ 10 லட்சம் இருக்கிறது. மீதியைக் குளுக்கோஸ் கடத்தும் புரதம் போன்ற பிறவும் கிளைக்கோலிப்பிடுகளும் தாங்குகின்றன.

இந்தச் சங்கிலிகளின் அடிப்பகுதி எல்லா மனிதரிடமும் ஒன்றுதான். வேறுபாடு நுனியில் இருக்கிறது. நுனியில் உள்ள கேலக்டோஸின் மீது ஒரு நொதி ஃபியூக்கோஸ் என்ற சிறு சர்க்கரையைப் பொருத்துகிறது. அப்படிப் பொருத்தியதும் உண்டாகும் வடிவத்துக்கு எச் ஆன்டிஜென் என்று பெயர். இதுதான் அடித்தளம். ஏ வகையினரிடம் இன்னொரு நொதி இந்த எச்-இன் மேல் என்-அசிட்டைல் கேலக்டோசமினைச் சேர்க்கிறது. பி வகையினரின் நொதி அதே இடத்தில் வெறும் கேலக்டோஸைச் சேர்க்கிறது. ஏபி வகையினருக்கு இரண்டு நொதியும் உண்டு. ஓ வகையினரின் மரபணுவில் பெரும்பாலும் ஓர் எழுத்து விடுபட்டுப்போயிருப்பதால் அந்த நொதி வேலை செய்யும் அளவுக்கு முழுமையாக உருவாவதில்லை. எனவே எச் அப்படியே திறந்து நிற்கிறது. ஓ என்றால் ஒன்றுமில்லாதது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் எச் ஆன்டிஜென் மிக அதிகமாக இருப்பது ஓ சிவப்பணுவில்தான்.

ஏ-க்கும் பி-க்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு சிறியது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இரண்டு நொதிகளும் 354 அமினோ அமிலங்கள் கொண்டவை. அவற்றில் நான்கே இடங்களில்தான் மாறுபடுகின்றன. அவை சேர்க்கும் சர்க்கரைகளும் அப்படித்தான்: கேலக்டோஸின் இரண்டாம் கார்பனில் ஹைட்ராக்சில் தொகுதி இருக்கும் இடத்தில், ஏ வகைச் சர்க்கரையில் அசிட்டைல் அமினோ தொகுதி இருக்கிறது. இந்தச் சில அணுக்களின் வித்தியாசத்தைத்தான் எதிர்ப்பொருள் தவறாமல் பிடிக்கிறது. தவறான பையை ஏற்றிவிட்டால் உயிர் போவதும் இதனால்தான்.

இனி நம் நேர்வில் உள்ள பெண்ணுக்கு வருவோம். அவரிடம் முதல் படியே நடக்கவில்லை. ஃபியூக்கோஸைப் பொருத்தும் நொதியை உண்டாக்கும் எஃப்யூடி-1 என்ற மரபணு 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரண்டு பிரதிகளும் அவரிடம் பழுதானவை. ஃபியூக்கோஸ் ஏறாததால் எச் இல்லை. எச் இல்லாததால், ஏ நொதியோ பி நொதியோ அவரிடம் இருந்தாலும்கூட அவை வேலை செய்யத் தளம் இல்லை. சாதாரணச் சோதனையில் ஏ-யும் தெரியாது, பி-யும் தெரியாது; ஆகவே ‘ஓ’ என்று எழுதிவிடுவார்கள். 1952இல் அன்றைய பம்பாயில் ஒய். எம். பெண்டே தலைமையிலான மருத்துவர்கள் இந்த வகையை முதலில் விவரித்ததால் இது பம்பாய் ரத்த வகை எனப்படுகிறது. இந்தியாவில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறது. வடசென்னை போன்ற நெருக்கமான பகுதியில், தங்கள் அட்டையில் உள்ள ‘ஓ’வை நம்பிக்கொண்டு பல பேர் இப்படி இருக்கக்கூடும்.

இவர்கள் உடல்நலத்தில் எந்தக் குறையும் இல்லாதவர்கள். சிவப்பணு நன்றாகவே இயங்குகிறது. ரத்தம் தேவைப்படும் நாளில் மட்டும்தான் சிக்கல் எழுகிறது. ஏ, பி, ஓ, ஏபி ஆகிய நான்கு வகையினரின் சிவப்பணுக்களிலும் கூடுதலாகவோ குறைவாகவோ எச் இருக்கிறது. இவர்களின் ரத்தத்திலோ எச்-ஐத் தாக்கும் எதிர்ப்பொருள் வலுவாக இருக்கிறது. தங்களைப் போன்ற இன்னொரு பம்பாய் வகையினரைத் தவிர மனித குலம் முழுவதுமே இவர்களுக்கு அந்நியம்.

இவருக்கு இதற்கு முன் யாருடைய ரத்தமும் ஏற்றப்பட்டதில்லை. பிறகு எச்-க்கு எதிரான எதிர்ப்பொருள் எங்கிருந்து வந்தது? இதே கேள்வி நம் எல்லாருக்கும் பொருந்தும்: பி ரத்தத்தை ஒருநாளும் சந்திக்காத ஏ வகைக்காரரிடம் பி-க்கு எதிரான எதிர்ப்பொருள் ஏன் தயாராக இருக்கிறது? விடை குடலில் இருக்கிறது. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களின் மேலுறையிலும் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. அவற்றில் சில ஏ, பி, எச் ஆகியவற்றைப் பெரிதும் ஒத்தவை. பிறந்த குழந்தையிடம் அதன் சொந்த எதிர்ப்பொருள் இருப்பதில்லை. குடலில் பாக்டீரியா குடியேறிய சில மாதங்களில்தான், பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள், அது தோன்றத் தொடங்குகிறது. 1959இல் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் குழுவினர் கிருமியே இல்லாத சூழலில் கோழிக்குஞ்சுகளை வளர்த்துப் பார்த்தார்கள். சாதாரணக் குஞ்சுகளில் பி-யைத் தாக்கும் எதிர்ப்பொருள் தானாகத் தோன்றியது. கிருமியில்லாமல் வளர்ந்தவற்றில் தோன்றவில்லை. பி-யை ஒத்த சர்க்கரை கொண்ட ஒருவகை ஈ. கோலை பாக்டீரியாவைக் கொடுத்ததும் அவற்றிலும் அது உண்டாயிற்று.

‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்று நாம் சேர்த்துச் சொல்லும் ஆர்எச் வகை இதற்கு நல்ல எதிர்ச்சான்று. ஆர்எச்-டி என்பது சர்க்கரை ஏறாத வெறும் புரதம். அதைப் போன்ற ஒன்று குடல் பாக்டீரியாவில் இல்லை. அதனால்தான் நெகட்டிவ் ஒருவரின் ரத்தத்தில் டி-க்கு எதிரான எதிர்ப்பொருள் இயல்பாக இருப்பதில்லை. பாசிட்டிவ் ரத்தம் ஏறிய பிறகோ, பாசிட்டிவ் குழந்தையைச் சுமந்த பிறகோதான் அது உருவாகிறது.

ஆனால் பாக்டீரியா எல்லாருக்கும் பொது. பி-யை ஒத்த சர்க்கரை பி வகையினரின் குடலிலும்தான் இருக்கிறது. அவர்களிடம் பி-க்கு எதிரான எதிர்ப்பொருள் ஏன் உருவாகவில்லை? எதிர்ப்பொருளை உண்டாக்கும் வெள்ளணுக்களுக்கு பி லிம்போசைட்டுகள் என்று பெயர்; இந்த பி-க்கும் ரத்த வகை பி-க்கும் தொடர்பில்லை. அவை எலும்பு மச்சையில் பிறக்கும்போது, ஒவ்வொன்றும் மரபணுத் துண்டுகளைத் தாறுமாறாகக் கலைத்துச் சேர்த்து ஓர் ஏற்பியை உருவாக்கிக்கொள்கிறது. எதைப் பிடிக்கும் ஏற்பி வரும் என்று முன்கூட்டி யாரும் தீர்மானிப்பதில்லை. எச்-ஐப் பிடிப்பதும் வரும், ஏ-யைப் பிடிப்பதும் வரும், இதுவரை உலகில் இல்லாத ஒரு சர்க்கரையைப் பிடிப்பதும் வரும். பிறந்த இடத்திலேயே தன் உடலின் செல்களின் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும் லிம்போசைட்டுகள் மடிகின்றன, அல்லது ஏற்பியை மாற்றிக்கொள்கின்றன, அல்லது செயலிழந்துபோகின்றன. எஞ்சியவை ரத்தத்துக்கு வந்து, குடலிலிருந்து வரும் தூண்டுதலால் பெருகுகின்றன.

ஆகவே எதிர்ப்பு மண்டலத்திடம் ‘இவையெல்லாம் என்னுடையவை’ என்ற பட்டியல் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. முதலில் எல்லாவற்றுக்கும் எதிராக ஆள் எடுத்துவிட்டு, வீட்டில் இருப்பதைத் தாக்கியவர்களை மட்டும் நீக்குகிறது. தன்னுடையது என்பது தாக்க ஆளில்லாமல் போனது, அவ்வளவுதான். நம் நேர்வில் உள்ள பெண்ணின் எலும்பு மச்சையில் எச்-ஐத் தாக்கும் லிம்போசைட்டுகளை நீக்க எச் என்ற பொருளே இல்லை. எனவே மற்ற எல்லாரிடமும் நீக்கப்படும் அந்தக் கூட்டம் அவரிடம் உயிரோடு இருக்கிறது. அவருடைய எதிர்ப்பு மண்டலத்தில் பழுது எதுவும் இல்லை. அது தன் விதிப்படி மிகச் சரியாக நடந்துகொள்கிறது.

தெரியாமல் ஓ ரத்தத்தை ஏற்றிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த எதிர்ப்பொருளில் பெரும்பங்கு ஐஜிஎம் வகையைச் சேர்ந்தது; ஐந்து அலகுகள் ஒன்றாக இணைந்து பத்துப் பற்றிடங்கள் கொண்ட பெரிய மூலக்கூறு அது. சாதாரண ஏ வகையினர் சிலரிடமும் எச்-க்கு எதிரான எதிர்ப்பொருள் வலுவின்றிக் காணப்படுவதுண்டு. ஆனால் அது குளிரில் மட்டுமே வேலை செய்யும். பம்பாய் வகையினரின் எதிர்ப்பொருள் 37 டிகிரி உடல் வெப்பத்திலேயே முழு வேகத்தில் வேலை செய்யும் என்பதுதான் ஆபத்து. அது சிவப்பணுவின் மேல் அமர்ந்ததும் ரத்தத்தில் உள்ள நிரப்புப் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிவிட்டுக் கடைசியில் செல்படலத்தில் துளை போடுகின்றன. நீர் உள்ளே பாய்ந்து சிவப்பணு ரத்தக்குழாய்க்குள்ளேயே வெடிக்கிறது. வெளிவந்த ஹீமோகுளோபின் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. உறைதல் கட்டுப்பாடு குலைகிறது. ரத்த அழுத்தம் சரிகிறது. ஏ, பி மாறிப்போன நேர்வுகளில் 30 மில்லிலிட்டர் அளவே உயிருக்கு ஆபத்தாக முடிந்ததுண்டு. குளிர் நடுக்கம், ரத்தம் ஏறும் கையில் எரிச்சல், முதுகுவலி, காரணம் சொல்லத் தெரியாத அச்சம், கருஞ்சிவப்பான சிறுநீர் ஆகியவை அறிகுறிகள். மயக்க மருந்தில் இருக்கும் நோயாளி எதையும் சொல்ல முடியாது. சிறுநீர்ப் பையின் நிறமும் இறங்கும் அழுத்தமும்தான் காட்டிக்கொடுக்கும். எந்தப் பை ஏற்றினாலும் முதல் 15 நிமிடம் மெதுவாக விட்டு, செவிலியர் பக்கத்திலேயே நின்று பார்ப்பது இதற்காகத்தான்.

இவரைச் சோதனைக்கூடத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது இந்தக் கதையில் மிகவும் கற்றுக்கொடுக்கும் பகுதி. முகாம்களில் கண்ணாடிச் சில்லில் இரண்டு மூன்று சொட்டு ரத்தத்தை வைத்து, நீல நிற ஏ எதிர்ப்பொருளையும் மஞ்சள் நிற பி எதிர்ப்பொருளையும் கலந்து பார்க்கிறார்கள். இது நோயாளியின் சிவப்பணுவில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் கேட்கும் சோதனை. அந்தக் கேள்விக்கு ஓ வகையினரும் பம்பாய் வகையினரும் ஒரே விடையைத்தான் தருவார்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்க வேண்டும்: நோயாளியின் சீரத்தில் எவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறது? இதற்கு ரிவர்ஸ் குரூப்பிங் என்று பெயர். மூன்று குழாய்களில் சீரத்தை எடுத்து, ஒன்றில் தெரிந்த ஏ செல்லையும், ஒன்றில் பி செல்லையும், மூன்றாவதில் ஓ செல்லையும் சேர்த்துச் சுழற்றுகிறார்கள். சாதாரண ஓ வகையினரின் சீரம் ஏ-யையும் பி-யையும் திரளவைக்கும். ஓ குழாயில் செல்கள் சீராகக் கலைந்து மிதக்கும். நம் பெண்ணின் சீரத்தில் மூன்றாவது குழாயிலும் செல்கள் ஒரே கட்டியாக அடியில் பிடித்துக்கொண்டிருக்கும். அவருடைய சீரத்தை அவருடைய செல்லோடேயே கலந்தால் மட்டும் ஒன்றும் நடக்காது. இந்தக் கடைசிக் குழாய் முக்கியமானது. அதிலும் திரட்சி வந்தால், தன் செல்லையே தாக்கும் வேறொரு நோயை அல்லவா தேட வேண்டியிருக்கும்!

மூன்றாவது குழாயில் ஓ செல்லை வைக்காமல் ஏ, பி இரண்டோடு நிறுத்திக்கொண்டால் பம்பாய் வகை இங்கேயும் தப்பிவிடும். என் பார்வையில், அட்டை கொடுக்கும் எந்த முகாமும் அந்த அட்டை முதற்கட்டச் சோதனையின் விளைவுதான் என்பதை அதிலேயே அச்சிட வேண்டும்.

அடுத்து, எச் உண்மையிலேயே இல்லையா என்று நேரடியாகப் பார்க்க வேண்டும். அதற்குப் பயன்படுவது யூலெக்ஸ் யூரோப்பியஸ் என்ற ஐரோப்பிய முட்புதரின் விதையிலிருந்து எடுக்கும் லெக்டின். லெக்டின் என்பது குறிப்பிட்ட ஒரு சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் தாவரப் புரதம். இந்த லெக்டின் எச்-இன் ஃபியூக்கோஸைத் தேடிப் பிடிக்கிறது. ஓ செல்கள் அதில் பலமாகத் திரளும். பம்பாய் செல்கள் அசையாது. இங்கே நம் சமையலறைக்கு நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. ஏ வகையின் முதல் உட்பிரிவை இரண்டாவதிலிருந்து பிரித்தறியும் லெக்டின் கொள்ளிலிருந்து கிடைக்கிறது. ரசமும் சுண்டலும் வைக்கும் அதே கொள்ளுதான். 1951இல் இந்தியாவில் பணியாற்றிய ஜி. டபிள்யு. ஜி. பேர்டு இதை வெளியிட்டார். இரண்டு உட்பிரிவுகளிலும் இருப்பது ஒரே ஏ சர்க்கரை என்றாலும் முதலாவதில் அது பல மடங்கு அடர்த்தியாக இருக்கிறது. சரியான அளவுக்கு நீர்த்த கொள்ளுச் சாறு அந்த அடர்த்தியைக் கண்டு திரளவைக்கிறது.

சோதனை முடிந்ததும் ரத்த வங்கி ஊழியர் கேட்கும் முதல் கேள்வி, “அக்கா, உங்ககூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?” என்பதாகத்தான் இருக்கும். காரணம் எளிய மரபுக் கணக்கு. பெற்றோர் இருவரும் ஒவ்வொரு பழுதான பிரதியைச் சுமந்தவர்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அவர்களின் ரத்த வகையும் வழக்கமான ஏதோ ஒன்றாக இருக்கும். உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் இதே வகை வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஊரெல்லாம் தேடும்போது பத்தாயிரத்தில் ஒருவர். அண்ணன் தம்பிகளில் நால்வரில் ஒருவர். அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் மணம் முடித்த குடும்பங்களில் ஒரே முன்னோரின் பழுதான பிரதி இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர்வது எளிது என்பதால், பெற்றோரின் உறவுமுறையையும் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள்.

இதே மரபுக் கணக்கு வேறொரு குழப்பத்தையும் உண்டாக்கும். அட்டையில் ‘ஓ’ என்று உள்ள பம்பாய் வகை அப்பாவுக்கும், உண்மையான ஓ வகை அம்மாவுக்கும் பி வகைக் குழந்தை பிறக்கலாம். அப்பாவிடம் பி நொதிக்கான மரபணு இருந்தது. எச் இல்லாததால் அது வெளியே தெரியவில்லை. அம்மாவிடமிருந்து நல்ல எஃப்யூடி-1 கிடைத்ததும் குழந்தையின் செல்லில் எச் உருவாகிறது. அப்பா தந்த நொதி அதன் மேல் பி-யை ஏற்றுகிறது. இதை அறியாதவர்கள் குழந்தையின் பிறப்பைச் சந்தேகித்து வீட்டில் வீண் புயலைக் கிளப்பிவிடுவார்கள். ரத்த வகையை மட்டும் வைத்துத் தந்தை யார் என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

நம் பெண்ணின் நேர்வில் அவசரம் இல்லை என்பது நல்வாய்ப்பு. மாத்திரையாலும் ஊசியாலும் உதிரப்போக்கைக் கட்டுப்படுத்தி, நரம்பு வழியாக இரும்புச் சத்து ஏற்றினால் சில வாரங்களில் ஹீமோகுளோபின் உயரும். போதுமான அளவு உயர்ந்தால் அவருடைய ரத்தத்தையே முன்கூட்டி எடுத்துச் சேமித்து அறுவையின்போது அவருக்கே ஏற்றலாம். வழக்கமான பையில் 35 முதல் 42 நாள் வரை அது தாங்கும். தம்பிக்கு இதே வகை என்று தெரியவந்தால் அவரை அழைக்கலாம், ஏனைய பொருத்தங்களும் சரியாக இருந்தால். அவசர விபத்து என்றால் நிலைமை வேறு. அப்போது வேறு வழியில்லை என்று ஓ-வை ஏற்றுவது உதவியாகாது. உப்பு நீர்மம், ஆக்சிஜன், ரத்தக்கசிவை நிறுத்துதல் ஆகியவற்றைக் கொண்டு நேரத்தை நீட்டிக்கொண்டே, பதிவில் உள்ள பம்பாய் வகைக் கொடையாளர்களைத் தேடுவார்கள்.

எதிர்ப்பு மண்டலத்தின் முழுக் கதையும் இந்தச் சர்க்கரையோடு முடிவதில்லை. எதிர்ப்பு மண்டலத்தின் இன்னொரு வகை வெள்ளணுக்களான டி லிம்போசைட்டுகள் சர்க்கரையைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. அவை பார்ப்பது எச்எல்ஏ என்ற கிளைக்கோபுரதத்தின் பள்ளத்தில் வைத்துக் காட்டப்படும் சிறு புரதத் துண்டுகளை. எச்எல்ஏ-வின் மேலும் சர்க்கரை உண்டு. ஆனால் இங்கே அடையாளம் புரதத்தின் வடிவத்தில்தான் இருக்கிறது. இவற்றுக்கான தேர்வு தைமஸ் சுரப்பியில் நடக்கிறது. தன் புரதத் துண்டை மிக இறுக்கமாகப் பிடிப்பவை அங்கேயே மடிகின்றன. விதி ஒன்றுதான், தேர்வு நடக்கும் இடம்தான் வேறு. சிறுநீரக மாற்றுக்கு எச்எல்ஏ பொருத்தமும் ஏபிஓ பொருத்தமும் இரண்டுமே பார்க்கப்படுவதற்கு இதுவே காரணம்: ஏ, பி சர்க்கரைகள் ரத்தக்குழாயின் உட்சுவரிலும் இருக்கின்றன. சிவப்பணுவில் எச்எல்ஏ மிகக் குறைவு என்பதால் ரத்தம் ஏற்றும்போது அதை வழக்கமாகப் பார்ப்பதில்லை.

தன்னுடையது என்பது தாக்க ஆளில்லாதது மட்டுமே என்று மேலே சொன்னதற்கு ஒரு விலக்கும் உண்டு. சர்க்கரைச் சங்கிலிகள் பலவற்றின் நுனியில் சயாலிக் அமிலம் இருக்கிறது. ரத்தத்தில் சுற்றும் ‘ஃபேக்டர் எச்’ என்ற புரதம், தற்செயலாக நம் செல்லின் மேல் நிரப்புப் புரதம் ஒட்டிக்கொண்டால், பக்கத்தில் சயாலிக் அமிலம் இருப்பதை உணர்ந்து அதை அடக்கிவிடுகிறது. பெயரில் எச் இருந்தாலும் மேலே கண்ட எச் ஆன்டிஜெனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது ‘இவன் நம்மவன்’ என்று நேராகச் சொல்லும் அடையாளம். ஆனால் அடையாளம் என்று ஒன்று இருந்தால் அதைத் திருடவும் முடியும். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸின் பி வகை தன் உறையைச் சயாலிக் அமிலத்தாலேயே கட்டிக்கொள்கிறது. அந்தச் சர்க்கரை நம் நரம்புச் செல்லில் இருப்பதை ஒத்திருப்பதால் எதிர்ப்பொருளும் அதற்கு எதிராகச் சரியாக எழுவதில்லை. ஏனைய மெனிங்கோகாக்கஸ் வகைகளுக்குச் செய்ததுபோல் உறைச் சர்க்கரையைக் கொண்டே தடுப்பூசி செய்ய முடியாமல், இந்த வகைக்கு மட்டும் புரதங்களை நாட வேண்டிவந்தது.

ஃபியூக்கோஸ் ரத்த வகைக்கு மட்டும் உரியதா என்று கேட்டால், இல்லை என்று காட்டும் மிக அரிய நோய் ஒன்று இருக்கிறது. 1992இல் இரண்டு சிறுவர்களிடம் முதலில் விவரிக்கப்பட்ட அதன் பெயர் வெள்ளணு ஒட்டுதல் குறைபாடு, இரண்டாம் வகை. பம்பாய் வகையினரிடம் ஃபியூக்கோஸைச் சிவப்பணுவில் பொருத்தும் ஒரு நொதிதான் இல்லை. இந்தக் குழந்தைகளிடமோ, செல்லுக்குள் ஃபியூக்கோஸைப் பொருத்தும் இடத்துக்குக் கொண்டுபோகும் கடத்தியே பழுது. ஆகவே எந்தச் செல்லிலும் ஃபியூக்கோஸ் சரியாக ஏறுவதில்லை. அவர்களின் ரத்த வகை பம்பாய் வகையாகவே தெரியும். அதோடு வளர்ச்சியும் அறிவாற்றலும் பாதிக்கப்படும், மீண்டும் மீண்டும் தொற்று வரும்.

தொற்று ஏன்? புண்பட்ட இடத்தில் ரத்தக்குழாயின் உட்சுவர் செலக்டின் என்ற புரதங்களை நீட்டுகிறது. ஓடும் ரத்தத்தில் போகும் வெள்ளணு தன் மேலுள்ள, ஃபியூக்கோஸ் கொண்ட ஒரு சர்க்கரையால் செலக்டினைத் தொட்டுத் தொட்டு உருண்டு வேகம் குறைந்து நின்று, பிறகு சுவரைக் கடந்து கிருமியிடம் செல்கிறது. ஃபியூக்கோஸ் இல்லாத வெள்ளணுவால் சுவரைப் பற்ற முடியாது. ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை பல மடங்கு ஏறியிருக்கும். புண்ணிலோ சீழ் இராது. சோதனை அறிக்கையில் இந்த முரணையும் ஓ செல்லைத் திரளவைக்கும் சீரத்தையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவருக்கு நோய் பிடிபட்டுவிடும்.

சிகிச்சையாக ஃபியூக்கோஸையே வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கடத்தியில் கொஞ்சம் இயக்கம் எஞ்சியிருந்த சில குழந்தைகளிடம் வெள்ளணுவில் செலக்டின் பற்றும் சர்க்கரை திரும்பி வந்தது, தொற்றும் குறைந்தது, எல்லாரிடமும் பலிக்கவில்லை. இதில் மருத்துவர்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக் கவனித்த ஓர் அபாயமும் உண்டு. இந்தக் குழந்தைகளின் எதிர்ப்பு மண்டலம் எச்-ஐ ஒருநாளும் தன்னுடையதாகப் பார்த்ததில்லை. அதைத் தாக்கும் எதிர்ப்பொருள் அவர்கள் ரத்தத்தில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிறது. கொடுத்த ஃபியூக்கோஸ் வெள்ளணுவோடு நிற்காமல் சிவப்பணுவிலும் ஏறி எச் உருவாகத் தொடங்கினால், குணமான செல்லே அந்த உடலுக்கு அந்நியச் செல்லாகிவிடும். அதனால்தான் அளவைச் சிறுகச் சிறுக உயர்த்தி, ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பணுக்கள் உடைகின்றனவா என்று சோதித்த பிறகே அடுத்த அளவுக்குப் போகவேண்டியிருக்கிறது.